தலைப்பிரசவத் தோழிக்கு ஒரு வாழ்த்து மடல்

கல்யாண வீட்டு வாழ்த்து மடல் நமக்குப் பழகிய சங்கதி. மாப்பிள்ளையின் நண்பர்கள் ரோஸ் தாளிலோ மஞ்சள் தாளிலோ அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, மைக்கைப் பிடித்து ஏற்ற இறக்கத்தோடு வாசித்துவிட்டு மணமக்கள் கையில் கொடுப்பார்கள். பழைய வீடுகளின் சுவரில் அந்தச் சட்டங்கள் இன்னமும் தொங்குகின்றன. வளைகாப்புக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. அங்கே கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, கைகளில் கண்ணாடி வளையல் அடுக்கி, அட்சதை தூவினால் வாழ்த்தியாயிற்று. பாடத் தெரிந்த பாட்டி ஒருத்தி இருந்தால் ஒரு நலங்குப் பாட்டு கூடுதலாகக் கிடைக்கும்.

எழுதித் தருகிற வாழ்த்து இந்தச் சடங்குக்குள் அண்மைக் காலத்தில்தான் நுழைந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் தோழிகள். கூடப் படித்தவள், ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள், அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரி என்று இவர்கள் உறவுமுறைக்குள் வராதவர்கள். வளைகாப்பில் முதல் வளையலை நாத்தனார் போட வேண்டும், அத்தை போட வேண்டும், தாய்மாமன் வீட்டுச் சீர் வர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. தோழிக்கென்று தனி இடம் கிடையாது. கல்யாணம் ஆகாதவள் என்றால் வளையல் போடவே கூப்பிடாத வீடுகள் உண்டு. பிள்ளை இல்லாதவளை, கணவனை இழந்தவளை ஒதுக்கி நிற்கவைக்கிற கொடுமையும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. பெற்ற தாயே கைம்பெண் என்பதற்காக மகளின் வளைகாப்பில் பின்வரிசையில் உட்கார்கிறாள். தமிழக அரசு அங்கன்வாடிகள் வழியாக நடத்தும் சமுதாய வளைகாப்பில் சொந்தபந்தமே இல்லாத அதிகாரிகளும் பணியாளர்களும் வளையல் போட்டு வாழ்த்துகிறார்கள். யாரும் குறை சொல்வதில்லை. வீட்டுக் கூடத்தில் மட்டும் அந்தத் தாராளம் வர மறுக்கிறது. அப்படி ஒதுக்கப்பட்ட ஒருத்திக்கும், வர முடியாத ஊரில் இருக்கிற ஒருத்திக்கும், தன் தோழியை வாழ்த்த ஒரு வழியாக இந்த மடல் அமைந்திருக்கிறது. அதனால்தான் அதை எப்படி எழுதுவது என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது தகும்.

முதலில், அதை வாங்கிப் படிக்கப்போகிறவளின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வளைகாப்பு பொதுவாக 5, 7, 9 என்ற ஒற்றைப்படை மாதங்களில் நடக்கும்; ஏழாம் மாதமே மிகுதி. மசக்கை வாந்தியெல்லாம் அநேகமாக முடிந்திருக்கும். அதற்குப் பதில் நெஞ்செரிச்சலும் கால் வீக்கமும் இடுப்பு வலியும் வந்திருக்கும். இரவில் நாலைந்து முறை எழுந்து கழிவறைக்குப் போகிறாள். நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது, ஒருக்களித்துப் படுத்தால் கை மரத்துப்போகிறது. பிள்ளை உதைப்பது தெளிவாகத் தெரிகிறது. ஒரு மணி நேரம் உதைக்காமல் இருந்தால் பயம் வருகிறது. பல வீடுகளில் வளைகாப்பு முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஆக, அவள் அன்று ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். சபையில் இரண்டு மணி நேரம் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்து, ஐந்தாறு வகைக் கலவை சாதத்தில் ஏதோ ஒன்றை இரண்டு வாய் உண்டு, காரில் ஏறிய பிறகுதான் அவளுக்கு அந்த மடலைப் பிரிக்க நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் அவள் கண்ணில் என்ன படவேண்டும் என்பதுதான் கேள்வி.

இணையத்தில் தேடி எடுத்து அனுப்பப்படும் வாழ்த்துகளைப் பார்த்தால் மூன்று வாசகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றும் நல்ல மனசோடு சொல்லப்படுபவை. மூன்றையும் தோழியின் மடலில் தவிர்ப்பது நல்லது.

ஒன்று, ஆண் பிள்ளை வாழ்த்து. சிங்கக்குட்டி பிறக்கட்டும், வம்சத்துக்கு வாரிசு வரட்டும் என்பன. வயிற்றின் வடிவத்தையும் நடையையும் பார்த்து, என்ன குழந்தை என்று சபையிலேயே கணிப்பதும் இதோடு சேர்த்தி. கருவின் பாலினத்தை ஸ்கேன் மூலம் கண்டறிந்து சொல்வதை 1994-ல் இயற்றப்பட்ட சட்டம் தடை செய்கிறது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்த மாநிலம் இது. அந்தச் சுமையெல்லாம் ஒரு வாழ்த்து வரிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மாமியார் வீட்டில் ஏற்கெனவே ஏழு மாதமாக அதைக் கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு, தன் தோழியும் அதையே எழுதினால் போக்கிடம் இல்லாமல் போகும்.

இரண்டாவது வாசகம் சுகப்பிரசவம் ஆகட்டும் என்பது. இதைப் போய்த் தவறு என்பதா என்று பெரியவர்கள் கோபித்துக்கொள்ளலாம். பாட்டி காலத்தில் அதற்குத் தாயும் பிள்ளையும் உயிரோடு மீண்டு வரவேண்டும் என்ற பொருள்தான் முதன்மையாக இருந்தது. இன்று மருத்துவமனை வாசலில் அதே சொல்லுக்கு, ஆபரேஷன் இல்லாமல் பிறக்கவேண்டும் என்பதே பொருள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் நூற்றுக்கு அறுபதைத் தாண்டுகிறது. இதில் தேவையில்லாத ஆபரேஷன்களும் இருக்கலாம், அது தனியாகப் பேசவேண்டிய விஷயம். ஆனால் வாழ்த்து பெறுகிற பெண் அந்த 45 பேரில் ஒருத்தியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக் கிடந்தாலோ கத்தி வைப்பதுதான் இருவரையும் காப்பாற்றும். அப்படிப் பெற்றவள் பிறகு மடலை எடுத்துப் பார்க்கும்போது, தோழி வேண்டிக்கொண்டது தன்னால் ஆகவில்லை என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. தாயும் சேயும் நலமாக இருக்கவேண்டும் என்ற நம் பழைய வாசகமே இங்கே போதும். எப்படிப் பிறந்தாலும் அது பொருந்தும்.

மூன்றாவது, நிறம். குங்குமப்பூப் பால் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. தோலின் நிறம் அம்மா அப்பாவிடமிருந்து வரும் மரபணுக்களின் காரியம். தோழியின் பரிசாகக் குங்குமப்பூ டப்பா போகலாம், பாலுக்கு மணம் கூட்டும். அதன்மேல் ஒட்டுகிற சீட்டில் கலரைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு, இது நுட்பமானது. தலைப்பிரசவம் என்பதால் அது முதல் கர்ப்பம் என்று ஆகிவிடாது. முன்பு ஒரு முறை கலைந்திருக்கலாம். அது கணவனுக்கும் ஒரு தோழிக்கும் மட்டும் தெரிந்த செய்தியாக இருக்கலாம். அந்தத் தோழி, இத்தனை காத்திருப்புக்குப் பிறகு என்றோ, இந்த முறையாவது என்றோ பாசத்தில் எழுதிவிட்டால், மடல் நாலு பேர் கைக்குப் போகும்போது ரகசியமும் கூடவே போகும். தனக்கு மட்டும் சொல்லப்பட்டதை மடலில் வைக்கக் கூடாது. அதை நேரில் கையைப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

இனி, என்ன எழுதலாம் என்பதற்கு ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் ஒரே ஹாஸ்டலில் மூன்று வருடம் இருந்த இரண்டு பெண்கள். ஒருத்தி கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள். ஆவணியில் வளைகாப்பு, கார்த்திகையில் பிரசவம், தாய்வீடு கோவில்பட்டி. இன்னொருத்தி கோவையில் வங்கி வேலையில் இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை. அவள் முதலில் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

“அன்புத் தோழியே! தாய்மை என்னும் உன்னத நிலையை அடையப்போகும் உனக்கு என் இதயம் கனிந்த நல்வாழ்த்துகள். இறைவன் அருளால் அறிவும் அழகும் நிறைந்த குழந்தையைப் பெற்று, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க.”

இதில் தப்பாக ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இந்தத் தாளை அடுத்த வீட்டு வளைகாப்பில் அப்படியே கொடுத்தாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எழுதியவள் யார், வாங்கியவள் யார், இருவருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதற்கு இதில் ஒரு தடயமும் கிடையாது. ஹாஸ்டலில் மூன்று வருடம் ‘ஏட்டி’ என்று கூப்பிட்டவள் இப்போது ‘அன்புத் தோழியே’ என்று தொடங்கினால், பெறுகிறவள் அதை அடையாளம் தெரியாதவர் அனுப்பிய அழைப்பிதழைப் போலத்தான் பார்ப்பாள்.

மடலைத் திருத்த, எழுதுகிறவள் தன்னிடமே மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளலாம். தன் தோழி மற்றவரைப் பராமரித்ததைத் தான் கண்ணால் கண்ட ஒரு சந்தர்ப்பம் எது? இந்த நாட்களில் அவள் போனில் எதைச் சொல்லிப் பயப்படுகிறாள்? பிள்ளை பிறந்த பிறகு தன்னால் நிச்சயமாகச் செய்யக்கூடிய ஒரு காரியம் என்ன? முதலாவது மிக முக்கியம். நல்ல அம்மாவாக இருப்பாய் என்று வெறுமனே எழுதினால் அது உபசார வார்த்தை. அவள் ஒரு காலத்தில் செய்த காரியத்தைச் சொல்லிவிட்டு எழுதினால் அவளால் மறுக்க முடியாது. இரண்டாவதற்குப் பதில் கிடைத்தால் பயத்தைப் போக்கும் உபதேசம் எழுதத் தோன்றும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். பயப்படாதே என்று சொல்வதற்கு வீடு நிறைய ஆள் இருக்கிறது. இவள் அந்தப் பயத்தைக் காதில் வாங்கிக்கொண்டாள் என்பது தெரிந்தால் போதும்.

இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பார்த்த பிறகு கோவைக்காரியின் மடல் இப்படி ஆகிறது:

“ஏட்டி,

கடைசி வருஷம் எனக்கு அம்மை போட்டப்ப நம்ம ரூமே காலியாச்சே, ஞாபகம் இருக்கா? நீ மட்டும், எனக்கு ஆறாங்கிளாஸ்லயே வந்து போயிட்டுன்னு சொல்லிட்டு, கட்டிலை ஒரு அடிகூட நகத்தாம கிடந்த. வேப்பிலைக் கொத்தை வச்சு ராத்திரியெல்லாம் தடவிவிட்ட. சொறியாதட்டீன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டே தூங்கிப் போயிட்ட. அன்னைக்கே நான் மனசுல நினைச்சேன், இவ வயித்துல பொறக்குற பிள்ளை குடுத்து வச்சதுன்னு. இத்தனை வருஷமா சொல்லல. இப்ப சொல்லுதேன்.

ஊசின்னாலே உனக்குக் கண்ணு இருட்டும்னு எனக்குத் தெரியும். போன வாரம் ரத்தம் எடுக்கையில என்னாச்சுன்னு நீ சொன்னதை நான் சிரிக்காமத்தான் கேட்டேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் அக்காகிட்ட முன்கூட்டியே சொல்லிரு, படுக்கவச்சுத்தான் எடுக்கணும்னு. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை.

பொண்ணோ பையனோ, கறுப்போ செவப்போ, எப்படிப் பொறந்தாலும் சரி. நீயும் பிள்ளையும் நல்லா இருக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

பிள்ளை பொறந்து மூணாவது வாரம், வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி சனிக்கிழமை விடியக் கோவில்பட்டியில இறங்குவேன். ரெண்டு ராத்திரி இருப்பேன். நீ பால் குடுத்துட்டு என்கிட்ட தூக்கிக் குடுத்துட்டுத் தூங்கு. பிள்ளையை நான் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கேன். அம்மாகிட்டயும் கேட்டுட்டேன், வான்னு சொல்லிட்டாங்க. எனக்குச் சளி இருமல் இருந்தா மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வருவேன்.”

இதில் கவனிக்க ஒரு சில உண்டு. அம்மை ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம் என்பது அந்தக் காலத்து ஹாஸ்டல் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் ராத்திரி முழுக்கக் கூட இருந்தாளே, அந்த ஒரு காட்சி ஒரு பக்கப் புகழ்ச்சியைவிடக் கனமானது. மருத்துவம் சம்பந்தமாக மடலில் இருப்பது ஒரே ஒரு வரி. அதுவும் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளக்கூடிய எளிய விஷயம். ஊசி போடும்போது மயங்குகிறவர்களைப் படுக்கவைத்து ரத்தம் எடுப்பது நடைமுறையில் உள்ளதுதான். அதற்கு மேல் எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்ற பட்டியல் எதுவும் இல்லை. அதெல்லாம் சபையிலேயே கிடைத்திருக்கும்.

மூன்றாவது வாரம் என்று குறித்ததும் யோசித்துச் செய்தது. தீட்டுக் கழிக்கும் நாள் வீட்டுக்கு வீடு மாறும், பல வீடுகளில் பதினாறாம் நாளை ஒட்டி வரும். அதற்கு முன் வெளியாள் வந்து தங்குவதை வீட்டில் விரும்ப மாட்டார்கள். தவிர, தொடக்கத்தில் உதவிக்கு ஆள் நிறைய இருப்பார்கள். மூன்றாவது வாரத்தில் சித்தியும் பெரியம்மாவும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், அம்மாவுக்கும் உடம்பு ஓய்ந்திருக்கும், பிள்ளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுந்து அழும். அப்போது வருகிற ஒரு ஆள் மெய்யாகவே உதவி. எந்த உதவி வேண்டுமானாலும் கேள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிள்ளை பெற்றவள் ஒருபோதும் போன் எடுத்துக் கேட்க மாட்டாள். நாளும் காரியமும் குறித்துச் சொன்னால் கேட்க வேண்டிய அவசியமே வராது. சொன்னபடி போக முடியுமா என்று நிச்சயமில்லாதவர்கள் இந்தப் பத்தியைச் சிறியதாக்கிக்கொள்ளட்டும். மாதம் ஒரு முறை ஞாயிறு மாலை போன் செய்வேன் என்பதும் நல்ல வாக்குத்தான், காப்பாற்றுவதாக இருந்தால்.

மடலின் கடைசியில் ஐந்தாறு வரி, பிள்ளைக்காக. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும், அதற்காகத்தான் வளைகாப்பே என்று பெரியவர்கள் சொல்வார்கள். கருவில் உள்ள பிள்ளைக்குக் காது கேட்பது உண்மை. ஆறாம் மாத முடிவுக்குள் அது ஒலிக்கு அசைந்து கொடுக்கத் தொடங்குகிறது. ஆனால் வயிற்றுச் சுவரையும் பனிக்குட நீரையும் தாண்டி உள்ளே போகும்போது கீச்சென்ற ஒலிகள் மங்கிவிடுகின்றன, கனத்த ஒலிகள் நன்றாகப் போகின்றன. வளையலின் கலகலப்பு கீச்சொலி வகை. அதைவிடத் தெளிவாகப் பிள்ளையை எட்டுவது அம்மாவின் சொந்தக் குரல், அது அவள் உடம்பின் வழியாகவே உள்ளே போகிறது.

1986-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். கர்ப்பிணிகள் கடைசி ஆறு வாரம், தினம் இரண்டு முறை, ஒரே கதைப் பகுதியைச் சத்தமாக வாசித்தார்கள். பிறந்த பிள்ளையின் வாயில் ஒரு ரப்பர் காம்பை வைத்து, அது சப்புகிற வேகத்தைப் பொறுத்து இரண்டு கதைகளில் ஒன்று காதில் கேட்கும்படி ஏற்பாடு செய்தார்கள். பிறந்து சில நாளே ஆன அந்தப் பிள்ளைகள், வயிற்றில் கேட்ட கதை வரும்படியாகத் தங்கள் சப்பும் வேகத்தை மாற்றிக்கொண்டன. வேறொரு பெண் வாசித்தாலும் அதே கதையைத்தான் விரும்பின. பொருள் புரிந்து அல்ல. அந்த வரிகளின் ஏற்ற இறக்கமும் தாளமும் பழகிப்போயிருந்தன.

இதை வைத்துப் பெரிய கோட்டை கட்ட வேண்டாம். வயிற்றில் கதை கேட்ட பிள்ளை அறிவாளியாகும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை; விழா நாளில் ஒரு முறை மைக்கில் வாசித்தால் பிள்ளைக்கு நினைவிருக்கப்போவதும் இல்லை. ஆனால் தாளம் உள்ள ஐந்தாறு வரிகளைத் தோழி எழுதிக் கொடுத்து, அதைத் தாய் தன் குரலில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தால், பிறந்த பிறகு அதே வரி பிள்ளைக்குத் தெரிந்த வரியாக இருக்க இடமுண்டு. கோவைக்காரி எழுதியது இது:

மெல்ல வா, மெல்ல வா,
மாசம் நெறஞ்சு மெல்ல வா.
பொண்ணா இருந்தா பொண்ணா வா,
பையனா இருந்தா பையனா வா.
அம்மா குரலைப் புடிச்சுக்கிட்டு
அலுங்காம குலுங்காம வா.

யாப்புக் கணக்குப் பார்த்தால் குறை சொல்லலாம். எழுதும்போது பார்க்க வேண்டியது வேறு: வாயால் சொல்லிப் பார்த்தால் மூச்சு வாங்காமல் சொல்ல வருகிறதா, ஒரே ஓசை திரும்பத் திரும்ப வந்து விழுகிறதா, தூக்கக் கலக்கத்திலும் மறக்காமல் வருமா. பிரசவம் முடிந்து தொட்டில் ஆட்டும்போதும் இதே வரிகளைச் சொல்லலாம், கடைசி வார்த்தையை மட்டும் ‘தூங்கு’ என்று மாற்றிக்கொண்டு.

சபையில் வாசிக்கச் சொன்னால் முழு மடலையும் வாசிக்க வேண்டாம். அம்மை கதையும் ஊசிப் பயமும் இரண்டு பேருக்கு உள்ளது. சபைக்கென்று தனியாக ஒரு சின்ன அட்டையில் நாலு வாக்கியமும் இந்தப் பாட்டு வரிகளும் எழுதிக்கொண்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். உட்கார்ந்திருப்பவளுக்கு இடுப்பு வலிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

எதில் எழுதுவது என்பதற்குப் பதில் சுலபம்: தாளில், பேனாவால். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் வளையல் படங்களுக்கும் ‘கங்கிராட்ஸ்’ ஸ்டிக்கர்களுக்கும் நடுவே அது மேலே போய்விடும், பிறகு தேடினால் கிடைக்காது. தாள் பெட்டிக்குள் போய்த் தாய்வீடு சேரும். எழுத்து கோணலாக இருந்தாலும் பாதகமில்லை; அவளுக்கு அந்தக் கோணல் எழுத்து கல்லூரி நோட்டிலிருந்தே பழக்கம்.

மொய்க் கவருக்குள் மட்டும் மடலை வைக்கக் கூடாது. அந்தக் கவரை அன்று இரவு வீட்டுப் பெரியவர் யாரோ பிரித்து, பெயரும் தொகையும் மொய் நோட்டில் எழுதுவார். உள்ளே இருக்கும் தாளை அவர் படிப்பார், பக்கத்தில் இருப்பவருக்கும் வாசித்துக் காட்டுவார், அல்லது காலிக் கவரோடு சேர்த்து எறிந்துவிடுவார். தனி உறையில் போட்டு, ஒட்டி, அவளைத் தோழி கூப்பிடுகிற பெயரை மேலே எழுதி, அவள் கைப்பையிலோ அவள் தங்கையின் கையிலோ சேர்ப்பதுதான் உத்தமம். விழாவுக்குப் போக முடியாதவர்கள் தாய்வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பலாம். அவள் போய் இறங்கி இரண்டு நாள் கழித்து வந்து சேரும்படி அனுப்பினால், விருந்தாளிக் கூட்டம் ஓய்ந்த பகலில் அவள் கைக்குக் கிடைக்கும்.

சில தோழிகள் இரண்டாவது மடல் ஒன்றும் எழுதி, ‘பிள்ளை பிறந்த பிறகு பிரிக்கவும்’ என்று குறித்து, அன்றே கொடுத்துவிடுகிறார்கள். எண்ணம் நல்லது, கொடுக்கும் நாள்தான் சரியில்லை. எல்லாப் பிரசவமும் நினைத்தபடி முடிவதில்லை. முடியாமல் போன வீட்டில் பெட்டிக்குள் அந்த உறை இருப்பதைப்போல வேதனை வேறில்லை. இரண்டாவது மடலை எழுதுகிறவள் தன்னிடமே வைத்திருந்து, பிள்ளை பிறந்த செய்தி வந்த பிறகு அனுப்ப வேண்டும்.

அது சின்னதாக இருக்கலாம், ஆனால் அதில் சொல்ல ஒரு விஷயம் உண்டு. பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை பொங்கிக்கொண்டு வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது வருகிறது. ஊரெல்லாம் சர்க்கரை வாங்கிக்கொண்டு வந்து சந்தோஷப்படும்போது தனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அவள் ஒளித்து அழுவாள். இது உனக்கு மட்டும் வருவதில்லை, இரண்டு வாரத்துக்குள் அநேகமாகத் தானே அடங்கிவிடும் என்று தோழி எழுதி அனுப்பலாம். அதற்கு மேலும் நீண்டாலோ, பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் பிடிக்காமல் போனாலோ, பிள்ளையைத் தூக்கவே மனம் வராமல் இருந்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். இரண்டாவது மடலின் அடியில் தோழி அந்த எண்ணையும், அதற்கு மேலே தன் போன் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பலாம்.